கண்மாய்க்கு எத்தனை காலாண்டு?

ஜனவரி முதல் வாரத்தில் நன்கொடை ஒப்பந்தம் கையெழுத்தாகிறது. நிதியாண்டு மார்ச் 31இல் முடிகிறது, அதற்குள் முடிந்த அளவு செலவழித்துவிடுங்கள் என்கிறது பணம் தரும் நிறுவனம். தூர்வார வேண்டிய கண்மாயிலோ அப்போது இடுப்பளவு தண்ணீர் நிற்கிறது. கரைக்குக் கீழே வயலில் நெல் முற்றிக்கொண்டிருக்கிறது. அறுவடை முடிந்து, கடைசித் தண்ணீரும் மடை வழியே இறங்கி, தரை காய்ந்து, இயந்திரம் உள்ளே இறங்க ஏப்ரல் ஆகிவிடும்.

சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் கண்மாய்ச் சீரமைப்பில் இறங்கும் தொண்டு நிறுவனங்களுக்கு இந்த முட்டுக்கட்டை பழகிப்போன ஒன்று. விண்ணப்பம் எழுதும் நாளில் இதை நினைத்துப் பார்ப்பவர்கள் குறைவு. விண்ணப்பத்தின் செயல்திட்டப் பகுதி பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: “முதல் கட்டமாக விவசாயிகள் ஒருங்கிணைக்கப்பட்டு சங்கம் அமைக்கப்படும். தொடர்ந்து கண்மாய் தூர்வாரப்பட்டு, கரை பலப்படுத்தப்பட்டு, மடைகளும் கலுங்கும் சீரமைக்கப்படும். இறுதியாக நீர் மேலாண்மைப் பயிற்சி அளிக்கப்படும்.” படிக்கும்போது குறை ஒன்றும் தெரியாது. ஆனால் யார் செய்வது, எப்போது, எவ்வளவு, எது முடிந்த பிறகு எது என்ற கேள்விகளில் ஒன்றுக்கும் இதில் விடை இல்லை.

நிதி அனுமதியானதும் கடிதம் வரும். இதைக் காலாண்டு வாரியாக அட்டவணையாக்கி, மைல்கற்களையும் ஒப்படைப்புகளையும் தனித்தனியே காட்டி அனுப்புங்கள் என்று கேட்பார்கள். பல அலுவலகங்களில் அந்த மூன்று வாக்கியங்களையும் ஆறு பெட்டிகளில் ஏறக்குறைய சரிசமமாகப் பிரித்துப் போட்டு, அன்று மாலையே அனுப்பிவிடுகிறார்கள். பிறகு ஒன்றரை ஆண்டு, அந்தப் பெட்டிகளில் எழுதியது ஏன் நடக்கவில்லை என்று விளக்கக் கடிதம் எழுதுவதில் போகிறது.

அட்டவணை கேட்பது வெறும் அலுவலகச் சடங்கு இல்லை. கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியை 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம், 135ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. ஒரு நிதியாண்டில் செலவாகாத பணத்துக்கு அந்தப் பிரிவில் இரண்டு வழிகள் உண்டு. ‘தொடர் திட்டம்’ என்று இயக்குநர் குழு ஏற்றுக்கொண்ட வேலை என்றால், மிச்சப் பணத்தை ஆண்டு முடிந்த 30 நாட்களுக்குள் தனி வங்கிக் கணக்குக்கு மாற்றி, அடுத்த மூன்று நிதியாண்டுகளுக்குள் செலவழிக்கலாம். தொடர் திட்டம் இல்லையென்றால், ஆறு மாதத்துக்குள் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் உள்ள ஒரு நிதிக்குப் போய்விடும். கண்மாய்க்குத் திரும்பி வராது. 2021 ஜனவரியில் திருத்திய விதிகள், தொடர் திட்டத்தை அங்கீகரித்த காலவரிசையையும் ஆண்டுவாரி ஒதுக்கீட்டையும் வைத்தே இயக்குநர் குழு கண்காணிக்க வேண்டும் என்கின்றன. ஆகவே தொண்டு நிறுவனம் அனுப்பும் அட்டவணை, கம்பெனியின் இயக்குநர் குழு மேசைக்கே போகும் காகிதம். அதில் ஏப்ரலுக்குப் பிறகுதான் பெரிய செலவு என்பது காரணத்தோடு தெரிந்தால்தான், மார்ச் மாத நெருக்கடியைத் தவிர்க்கக் கம்பெனிக்கும் ஒரு பிடி கிடைக்கும்.

அட்டவணை எப்படி உருவாகிறது என்பதைப் பார்க்க ஓர் உதாரணக் கண்மாயை எடுத்துக்கொள்ளலாம். ஆயக்கட்டு 80 ஏக்கர், அதாவது சுமார் 32 ஹெக்டேர். 40 ஹெக்டேருக்கு மேற்பட்ட ஆயக்கட்டு உள்ள கண்மாய்கள் நீர்வளத் துறையின் பொறுப்பு; அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. ஆகவே இது ஒன்றியக் கண்மாய், முதல் அனுமதிக் கடிதம் ஒன்றிய அலுவலகத்திலிருந்து வர வேண்டும். கரை 900 மீட்டர். மடை இரண்டு, அதில் ஒன்றை இடித்துக் கட்ட வேண்டும். கலுங்கில் விரிசல். வரத்துக்கால் தூர்ந்து கிடக்கிறது. விண்ணப்பத்தில் 9,000 கன மீட்டர் மண் எடுப்பதாக எழுதியாயிற்று. நிதி 24 லட்சம் ரூபாய், காலம் 18 மாதம். எண்கள் கணக்கைக் காட்டுவதற்காக எடுத்தவை. வேலையின் இயல்பு எல்லா ஊருக்கும் பொது.

பின்னாலிருந்து எண்ணுவது

அட்டவணையைக் காலாண்டில் தொடங்கக் கூடாது. காலாண்டு என்பது கணக்குக்காக மனிதர் போட்ட கோடு. முதலில் யாராலும் தள்ளிப்போட முடியாத தேதிகளைக் குறிக்க வேண்டும். கண்மாய் வேலையில் அப்படி இரண்டு உண்டு.

ஒன்று எல்லோருக்கும் தெரியும். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை. அதற்கு முன் கரை, மடை, கலுங்கு மூன்றும் தண்ணீரைத் தாங்கும் நிலையில் இருந்தாக வேண்டும். செப்டம்பரிலேயே இடிமழை வருவதுண்டு என்பதால், அனுபவமுள்ள பொறியாளர் செப்டம்பர் நடுவையே எல்லையாக வைப்பார்.

இரண்டாவது தேதி அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர் கண்ணில் படாது. கிராமத்துக் கூட்டத்தில் ஒரு பெரியவர் எழுந்து, “ஆடி பொறந்துட்டா புழுதி உழவு ஆரம்பிச்சுருவோம் தம்பி. அப்புறம் வயலுக்குள்ள மண்ணு வண்டி விட முடியாது” என்று சொல்லும்போதுதான் அது வெளியே வரும். கண்மாயில் எடுக்கும் வண்டல் விவசாயிகளின் வயலுக்குத்தான் போகிறது. வயல் சும்மா கிடக்கும் மாதங்களில் மட்டுமே அதைக் கொட்டிப் பரப்ப முடியும். ஆவணி, புரட்டாசி விதைப்புக்கு ஆடியிலேயே நிலத்தைத் தயார் செய்கிறார்கள். கண்மாய் செப்டம்பர் வரை காய்ந்து கிடந்தாலும் வண்டல் எடுக்கும் காலம் ஜூலை நடுவோடு முடிந்துவிடுகிறது. இதைக் கேட்டுக்கொள்ளாமல் ‘தூர்வாருதல் – ஜூலை முதல் செப்டம்பர் வரை’ என்று எழுதிய அட்டவணை, எழுதிய அன்றே தோற்றுப்போனது.

அடுத்து, வண்டல் எடுக்க எத்தனை நாள் ஆகும் என்ற கணக்கு. இதில் ஒரு தடங்கல் எதிர்ப்படும். தமிழ்நாட்டில் விவசாயிகள் கண்மாய் வண்டலைக் கட்டணமில்லாமல் எடுக்க அனுமதி உண்டு. 2024இல் நடைமுறையை எளிதாக்கி, வட்டாட்சியரே அனுமதி தரலாம் என்று ஆக்கினார்கள். ஆனால் அளவுக்கு வரம்பு இருக்கிறது. நஞ்சை நிலம் என்றால் ஏக்கருக்கு 75 கன மீட்டர். 80 ஏக்கருக்கு 6,000 கன மீட்டருக்கு மேல் வயலுக்குப் போக முடியாது. விண்ணப்பத்தில் எழுதியதோ 9,000. மீதி 3,000 எங்கே போகும்?

இப்படிப்பட்ட கேள்வி எழுவதுதான் அட்டவணை போடுவதன் உண்மையான பலன். செயல்திட்ட வாக்கியத்தில் ‘தூர்வாரப்படும்’ என்ற ஒரே சொல்லுக்குள் ஒளிந்திருந்த முரண், அதைக் கால அளவாக மாற்ற முயன்றதும் வெளிப்பட்டுவிடுகிறது. பொறியாளர் சொல்லும் வழி, மேல் வண்டலை வயலுக்கும் அதற்கு அடியிலுள்ள கெட்டி மண்ணைக் கரைக்கும் கொடுப்பது. நயமான வண்டல் கரைக்கு ஆகாது, கெட்டி மண் ஆகும். ஆனால் அதற்கும் ஆழ எல்லை உண்டு. மடையின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டினால் அங்கே நிற்கும் தண்ணீர் மடை வழியே வயலுக்கு வராது. கரைக்கு மிக அருகிலும் தோண்டக் கூடாது, கரை பலவீனமாகும். ஆக ‘தூர்வாருதல்’ என்ற ஒரு வரி, ‘வயலுக்கு வண்டல் 6,000’, ‘கரைக்கு மண் 3,000’ என்று இரண்டு வரியாகப் பிரிகிறது. இரண்டுக்கும் காலம் வேறு, அனுமதி வேறு, செலவுக் கணக்கும் வேறு.

டிராக்டர் டிப்பர் ஒரு நடைக்குத் தோராயமாக 3 கன மீட்டர் ஏற்றும். 6,000 கன மீட்டருக்கு 2,000 நடை. மண் அள்ளும் இயந்திரத்துக்கான வாடகை திட்டத்திலிருந்து, டிராக்டர் செலவு விவசாயிகளுடையது என்பது பல ஊர்களில் இருக்கும் ஏற்பாடு. ஊரில் ஐந்து டிராக்டர் கிடைக்கிறது, ஒன்று நாளைக்குப் பத்து நடை அடிக்கிறது என்றால் ஒரு நாளைக்கு 50 நடை, மொத்தம் 40 வேலை நாள். இரண்டாவது ஜேசிபி கொண்டுவந்தாலும் இந்த 40 குறையாது. அது வண்டி வராமல் நின்றுகொண்டிருக்கும், வாடகை மட்டும் ஏறும். வேலையின் வேகத்தைத் தீர்மானிப்பது எது என்று கண்டுபிடித்த பிறகுதான் நாள் கணக்கை நம்பலாம். ஊர்த் திருவிழா, வண்டிப் பழுது, நடுவில் ஒரு கோடை மழை எல்லாம் சேர்த்து ஏழு வாரம் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஏப்ரல் 25 அன்று முதல் நடை கிளம்பினால் ஜூன் 13 வாக்கில் கடைசி நடை முடியும். அதற்கு வட்டாட்சியர் அனுமதி ஏப்ரல் 20க்குள் கையில் இருக்க வேண்டும். விவசாயிகள் ஒவ்வொருவரும் நில ஆவணத்தோடு விண்ணப்பிக்க வேண்டியிருப்பதால், எல்லா விண்ணப்பமும் மார்ச் நடுவில் உள்ளே போயிருக்க வேண்டும். அதற்கு முன் சங்கம் கூடி யாருக்கு எத்தனை நடை என்று பேசி முடித்திருக்க வேண்டும், அதாவது பிப்ரவரி. செயல்திட்டத்தில் ‘முதல் கட்டமாக விவசாயிகளை ஒருங்கிணைத்தல்’ என்று பொதுவாகக் கிடந்தது, இப்போது ஜூலைப் பிறப்பிலிருந்து பின்னோக்கி எண்ணி வந்த ஒரு தேதியாகிவிட்டது.

வரிசையும் மாறுகிறது. விண்ணப்பத்தில் கரை முதலில், மடை பிறகு. களத்தில் மடை முதலில். மடை கரைக்குள் ஊடுருவிப் போகிற கட்டுமானம். கரையை உயர்த்தி, தண்ணீர் விட்டு, உருளை ஓட்டிக் கெட்டித்த பிறகு மடையைக் கட்டினால், அதே கரையை மறுபடி வெட்ட வேண்டும். வெட்டி மூடிய இடம் எவ்வளவு கெட்டித்தாலும் கசிவுக்கு முதலில் இடம் கொடுப்பது அதுவே. மடை கான்கிரீட் போட்டு, நனைத்து, முழு வலு பெற நான்கு வாரம் விட்டு, பிறகு அதன் மேல் கரையை மூட வேண்டும். மே கடைசியில் மடை முடிந்தால் ஜூலையில் அந்த இடத்துக் கரை வேலை தொடங்கலாம்.

எதை மைல்கல் என்பது, எதை ஒப்படைப்பு என்பது

இந்த இரண்டும் குழம்பிப்போவதுதான் அதிகம். மைல்கல் என்பது ஒரு நாள். அந்த நாளில் ஒன்று நடந்துவிட்டதா என்று கேட்டால் ஆம் அல்லது இல்லை என்று மட்டும் பதில் வர வேண்டும். ஒப்படைப்பு என்பது கையில் கொடுக்கக்கூடிய பொருள். வரைபடம், பதிவேடு, அனுமதிக் கடிதம், கட்டி முடித்த மடை, இப்படி. ‘தூர்வாரும் பணி 50 சதவீதம் நிறைவு’ என்பது இரண்டிலும் சேராது. பாதி என்பது பரப்பில் பாதியா, ஆழத்தில் பாதியா, செலவில் பாதியா என்று யாரும் சொல்ல முடியாது. ‘1,000ஆவது நடை, மே 20’ என்பது மைல்கல். அதற்குரிய ஒப்படைப்பு, நடைப் பதிவேடு: தேதி, வண்டி எண், விவசாயி பெயர், கையெழுத்து.

‘பயிற்சி அளிக்கப்படும்’ என்பதும் அப்படித்தான். பயிற்சி நடந்தது என்பதற்கு வருகைப் பதிவும் புகைப்படமும் போதும் என்று விட்டுவிடுகிறார்கள். கண்மாய்ச் சங்கத்துக்குக் கொடுக்கும் பயிற்சியின் பலன், தண்ணீர் குறையும் ஆண்டில் எந்த மடையை எந்த வரிசையில் திறப்பது என்று சங்கமே எழுதிக்கொண்ட தீர்மானம். அதை ஒப்படைப்பாக எழுதினால், பயிற்சி எப்போது நடக்க வேண்டும் என்பதும் தானாகத் தெரியும்: மழைக்கு முன், செப்டம்பருக்குள். விண்ணப்பம் அதைக் கடைசிக் காலாண்டில் வைத்திருந்தது.

சில ஒப்படைப்புகளுக்கு அவற்றுக்கே ஒரு பருவம் உண்டு, தவறவிட்டால் திரும்பக் கிடைக்காது. எவ்வளவு மண் எடுத்தோம் என்பதற்கு முதன்மையான சாட்சி மட்டம் எடுத்த கணக்கு. தோண்டுவதற்கு முன் கண்மாய்த் தரையில் குறுக்கும் நெடுக்குமாகப் புள்ளிகள் வைத்து உயரம் அளக்க வேண்டும்; தோண்டிய பின் அதே புள்ளிகளில் மறுபடி அளக்க வேண்டும். இரண்டுக்குமுள்ள வித்தியாசம்தான் எடுத்த மண்ணின் அளவு. முன்மட்டம் எடுக்காமல் ஜேசிபி இறங்கிவிட்டால் பழைய தரையை யாராலும் மீட்க முடியாது. பின்மட்டம் எடுப்பதற்குள் ஒரு பெருமழை பெய்து குழிகள் நிரம்பினால், அடுத்த கோடை வரை அளக்க முடியாது. அதற்குள் புது வண்டல் படிந்திருக்கும். எனவே முன்மட்டம் ஏப்ரல் 15 என்றும், பின்மட்டம் கடைசி நடை முடிந்த ஒரு வாரத்துக்குள், ஜூன் 20 என்றும் தேதியோடு எழுதுகிறார்கள். கரைக்கு மண் எடுத்த பிறகு செப்டம்பரில் இன்னொரு முறை அளக்க வேண்டும்.

இங்கே அட்டவணையிலேயே ஒரு குறிப்பு போடுவது பின்னால் பெரிய சச்சரவைத் தவிர்க்கும். வெட்டிய மண் உதிரியானதும் ஐந்தில் ஒரு பங்கு முதல் கால் பங்கு வரை பெருகும். டிப்பரில் 3 கன மீட்டர் என்பது உதிரி மண். 2,000 நடைக்கு 6,000 கன மீட்டர் என்று பதிவேடு சொல்லும். குழியை அளந்தால் சுமார் 5,000தான் வரும். யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் எந்த அளவு கணக்கு என்று முன்பே எழுதி வைக்காவிட்டால், தணிக்கைக்கு வருபவர் காணாமற்போன 1,000 கன மீட்டரைத் தேடுவார்.

இவ்வளவும் தீர்ந்த பிறகுதான் காலாண்டுக் கோடு போடும் வேலை. அது ஏறக்குறைய இப்படி அமையும்.

| காலாண்டு | மைல்கல், கடைசி நாள் | ஒப்படைப்பு |
|---|---|---|
| ஜனவரி–மார்ச் | சங்கப் பொதுக்குழு, பிப்ரவரி 10. எல்லா வண்டல் விண்ணப்பமும் பதிவு, மார்ச் 15 | தீர்மான நகல். ஒன்றிய அனுமதிக் கடிதம். எல்லை அளந்த வரைபடம் |
| ஏப்ரல்–ஜூன் | முதல் நடை, ஏப்ரல் 25. மடை கான்கிரீட் முடிவு, மே 31. கடைசி நடை, ஜூன் 13 | முன்மட்ட, பின்மட்டக் கணக்கு. நடைப் பதிவேடு |
| ஜூலை–செப்டம்பர் | கரை முடிவு, ஆகஸ்ட் 31. கலுங்கும் வரத்துக்காலும் முடிவு, செப்டம்பர் 10 | அளவுப் புத்தக நகல். இறுதி மட்டக் கணக்கு. நீர்ப் பங்கீட்டுத் தீர்மானம் |
| அக்டோபர்–டிசம்பர் | மடையருகே அளவுகோல் வாசிப்பு தொடக்கம், அக்டோபர் 1 | வாராந்திர நீர்மட்டப் பதிவு |
| ஜனவரி–மார்ச் | அறுவடைக் கணக்கெடுப்பு முடிவு, மார்ச் 10 | விளைச்சல், பாசனப் பரப்பு ஒப்பீடு |
| ஏப்ரல்–ஜூன் | மிச்ச வேலை முடிவு, மே 31 | இறுதி அறிக்கை; தணிக்கையாளர் சான்றுடன் செலவுக் கணக்கு |

முதல் பத்தியில் ‘முதல் காலாண்டு’, ‘இரண்டாம் காலாண்டு’ என்று எண் போடாமல் மாதப் பெயர் எழுதியிருப்பதற்குக் காரணம் உண்டு. திட்டத்துக்கு ஜனவரி–மார்ச் முதல் காலாண்டு. கம்பெனியின் கணக்குப் பிரிவுக்கு அதுவே நிதியாண்டின் நான்காம் காலாண்டு. எண்ணை மட்டும் எழுதினால் இரு தரப்பும் வெவ்வேறு மூன்று மாதங்களை மனதில் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருப்பார்கள்.

எந்த மைல்கல்லும் காலாண்டின் கடைசி நாளில் இல்லை என்பதையும் கவனிக்கலாம். ஜூன் 30 அன்று முடியும் வேலையைப் பொறியாளர் வந்து அளந்து, புத்தகத்தில் ஏற்றி, கையெழுத்தாகப் பத்து நாளாவது பிடிக்கும். காலாண்டு அறிக்கை ஜூலை நடுவில் போக வேண்டும். வேலை முடிந்தும், சான்று இல்லாததால் ‘நிறைவடையவில்லை’ என்று பதிவாகும். இரண்டு வாரம் முன்னால் நிறுத்தினால் இந்த வீண் கெட்ட பெயர் வராது.

அக்டோபர்–டிசம்பர் வரி வெறுமையாகத் தெரிவதால் அதில் ஏதாவது வேலையை இட்டு நிரப்பச் சொல்லிச் சிலர் வற்புறுத்துவார்கள். ஒத்துக்கொள்ளக் கூடாது. ஈரக் கரையில் இயந்திரம் ஏற்றுவது கரைக்கே ஆபத்து. மேலும், அந்த மூன்று மாதத்தில்தான் செலவழித்த பணத்துக்குப் பலன் உண்டா என்று தெரியவரும். மடையருகே நட்ட அளவுகோலை வாரம் ஒருமுறை நீர்ப்பாய்ச்சி பார்த்து எழுதும் குறிப்பு, அறிக்கையின் எல்லாப் புகைப்படங்களையும்விட மதிப்புள்ளது. மழை எவ்வளவு பெய்தது, வரத்துக்கால் எவ்வளவு கொண்டுவந்தது, எத்தனை வாரம் தண்ணீர் மடை மட்டத்துக்கு மேல் நின்றது என்பதெல்லாம் அதில் இருக்கும்.

பணம் வேலைக்கு முன்னே போக வேண்டும்

24 லட்சத்தை ஆறு காலாண்டுக்குச் சமமாகப் பிரித்தால் 4 லட்சம் வீதம் வரும். உண்மையில் ஏப்ரல்–ஜூன் ஒரே காலாண்டில் 13 லட்சம் வேண்டும்: ஜேசிபி வாடகை, சிமெண்ட், கம்பி, கொத்தனார் கூலி. ஜேசிபிக்காரர் வாரக் கடைசியில் பணம் கேட்பார். டீசலுக்கு அன்றாடம் காசு வேண்டும். ‘தூர்வாரி முடித்த அறிக்கை கிடைத்ததும் இரண்டாம் தவணை’ என்று ஒப்பந்தத்தில் இருந்தால், சிறிய தொண்டு நிறுவனம் 13 லட்சத்தைக் கைமாற்று வாங்கியாக வேண்டும். வேலை நடுவில் நின்றுபோவதற்குப் பெரிய காரணம் இதுதான்.

இதற்குத் தீர்வு, தவணையை முந்தைய காலாண்டின் ஒப்படைப்போடு கட்டுவது. சங்கத் தீர்மானம், ஒன்றியக் கடிதம், எல்லை வரைபடம், பதிவான விண்ணப்பங்களின் பட்டியல் நான்கும் மார்ச் 20க்குள் போய்ச் சேர்ந்தால், ஏப்ரல் 15க்குள் இரண்டாம் தவணை வர வேண்டும் என்று எழுதிக்கொள்ளலாம். பணம் தருபவருக்கும் இது பாதுகாப்பு. அனுமதியும் ஊரின் சம்மதமும் உறுதியான பிறகே பெரிய தொகை நகர்கிறது. இதைச் சொல்லக் கூச்சப்பட்டு, அட்டவணையில் பணப் பத்தியையே சேர்க்காமல் அனுப்புகிறவர்கள் உண்டு. வேலையின் தேதியும் பணத்தின் தேதியும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் ஒன்று மற்றொன்றைத் தடுக்கிறதா என்று கண்ணுக்குத் தெரியும்.

தேதி தள்ளிப்போனால்

ஒப்பந்தம் ஜனவரியில் கையெழுத்தாகும் என்று நினைத்திருப்பார்கள், மார்ச் கடைசியில்தான் ஆகும். அட்டவணையில் எல்லாத் தேதியையும் மூன்று மாதம் முன்னால் தள்ளிவிட்டால் சரி என்று தோன்றும். கட்டட வேலையில் அது நடக்கும். இங்கே மூன்று மாதம் தள்ளினால் வண்டல் எடுப்பது ஆடி, ஆவணியில் விழுகிறது, வயலில் இடமில்லை. மூன்று மாதத் தாமதம் இங்கே ஓராண்டுத் தாமதம்.

அதனால் அட்டவணைக்குள்ளேயே முடிவெடுக்கும் நாள் ஒன்றைப் பொதித்து வைக்க வேண்டும். கணக்கு எளிது. ஆடி ஜூலை நடுவில் பிறக்கிறது. அதிலிருந்து ஏழு வாரம் பின்னோக்கி எண்ணினால் மே கடைசி வாரம். ‘மே 25க்குள் வண்டல் அனுமதி கையில் இல்லாவிட்டால், இந்த ஆண்டு மடை, கலுங்கு, வரத்துக்கால் மட்டும். வண்டலும் கரையும் அடுத்த ஆண்டு ஏப்ரலுக்கு’ என்று ஏப்ரல்–ஜூன் வரிக்குக் கீழே ஒரு குறிப்பு. மடையும் கலுங்கும் வயலின் நிலையைச் சார்ந்தவை அல்ல. கண்மாய் காய்ந்திருந்தால் போதும். இப்படி முன்பே எழுதிக் கையெழுத்தானால், மே கடைசியில் பதற்றத்தோடு ஜேசிபியை இறக்கி, வயலுக்குப் போக முடியாத மண்ணைக் கரையோரம் குவித்து, முதல் மழையில் அது கண்மாய்க்குள்ளேயே கரைந்து திரும்புவதைப் பார்க்க வேண்டியிருக்காது. பாதியில் விட்ட கண்மாய்களில் அந்தக் குவியல்களை இன்றும் பார்க்கலாம்.

திட்டத்துக்கு 12 மாதம் கேட்காமல் 18 மாதம் கேட்டதன் பயன் இங்கேதான். ஜனவரியில் தொடங்கும் 12 மாதத் திட்டத்துக்கு ஒரே ஒரு கோடைதான் கிடைக்கும். 18 மாதத்துக்கு இரண்டு. ஆனாலும் மாற்றுத் திட்டத்தின்படி கரை வேலை இரண்டாம் ஆண்டு ஆகஸ்ட் வரை போகும், திட்டமோ ஜூனில் முடிகிறது. ஆகவே கால நீட்டிப்பை வேலை முடியாத பிறகு ஜூனில் கேட்காமல், மே 25 குறிப்பிலேயே சேர்த்துக் கேட்டு வைப்பது நல்லது. தொடர் திட்டமாக அங்கீகாரம் பெற்றிருந்தால் சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது.

தேதிகள் மாறும்போது பழைய தேதியை அழித்துவிட்டுப் புதியதை எழுதுவது பல அலுவலகங்களில் வழக்கம். அட்டவணை எப்போதும் ஒழுங்காகத் தெரியும், ஆனால் எங்கே, எதனால் தாமதம் என்று யாருக்கும் தெரியாமல் போய்விடும். மைல்கல் பத்திக்கு அடுத்து மூன்று சின்னப் பத்திகள் சேர்த்தால் போதும்: முதலில் எழுதிய தேதி, திருத்திய தேதி, காரணம். வட்டாட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பம் எத்தனை நாள் கிடந்தது, நில அளவையர் எந்தத் தேதியில் வந்தார், தவணை எந்த வாரம் கணக்கில் ஏறியது என்பதெல்லாம் அந்தக் காரணப் பத்தியில் ஒரு வரியில் பதிவாகும். அதே வட்டத்தில் அடுத்த கண்மாய்க்கு விண்ணப்பம் எழுதுபவர், வண்டல் அனுமதிக்கு எத்தனை வாரம் விட வேண்டும் என்பதை அங்கிருந்து எடுத்துக்கொள்வார்.